காய்ச்சல் இரண்டாம் முறை வந்தால்

கற்பிட்டி வாசகி ஒருவர் கேட்கிறார்: "மாமாவுக்குக் கடும் காய்ச்சல், உடம்பு உளைவு. ஐந்தாம் நாள் எழும்பி நடந்தார். எட்டாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. நிமோனியா என்கிறார் வைத்தியர். தடிமல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டதா?"

இறங்கியது தடிமல் அல்ல. குரல்வளைக்கு மேலே மூக்கும் தொண்டையும் மேற்சுவாசப் பாதை. கீழே வாதனாளி முதல் சுவாசப்பை வரை கீழ்ச்சுவாசப் பாதை. தடிமல் வைரசுகளில் பெரும்பங்கான ரைனோ வைரசுக்குப் பிடித்தது மூக்கின் 33 பாகைக் குளிர்ச்சி. அது மேலேயே மூக்கை ஒழுகவைத்துவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். திடீரென்று ஆளைப் படுக்கையில் தள்ளும் காய்ச்சல் இன்புளுவென்சாவின் கைவரிசை. அது வாதனாளிக்குள்ளும் இறங்கும்.

வாதனாளியின் உட்சுவரில் நுண்ணிய பிசிர்கள், நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, தூசும் கிருமியும் ஒட்டிய சளியை மேலே தள்ளியபடி இருக்கின்றன. புத்தளம் உப்பளத்தில் வரிசையாக நின்று பலகையால் உப்பைக் கரைக்குத் தள்ளுவார்களே, அதே வேலை. இங்கே ஓய்வும் இல்லை, கூலியும் இல்லை. இன்புளுவென்சா இந்த வரிசையையே அழிக்கிறது. பிசிர் தாங்கிய கலங்கள் செத்து உதிர்கின்றன. புது ஆட்கள் வந்து வேலை பழகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை உப்பு, சேறு எல்லாம் பாத்தியிலேயே கிடக்கும்.

பலருடைய தொண்டையில் நிமோகொக்கசு என்ற பற்றீரியா சும்மா குடியிருக்கும். தள்ள ஆளில்லாத வேளையில் அது கீழே சறுக்குகிறது. வைரசின் நொதி கலங்களின் மேலிருந்த சர்க்கரைப் பூச்சையும் சீவிவிட்டிருப்பதால், பற்றீரியா ஒட்டிக்கொள்ள இடம் தயார். ஒட்சிசன் நுழைய வேண்டிய காற்றறைகளில் சீழ் நிறைகிறது. மாமாவின் இடைவெளிக்குக் காரணம் இதுதான்: முதற் காய்ச்சல் வைரசு, இரண்டாவது பற்றீரியா.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. 1892இல் இன்புளுவென்சாவுக்கு ஒரு பற்றீரியாவே காரணம் என்றார்கள். 1933இல்தான் மனிதரிடமிருந்து வைரசு பிரிக்கப்பட்டது. இலங்கையையும் தாக்கிய 1918 கொள்ளைநோயில் வேறு நாட்டில் இறந்த 58 பேரின் சுவாசப்பைத் துண்டுகளை 2008இல் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் பற்றீரிய நிமோனியாவின் தடயம் இருந்தது.

அதற்காக முதல் நாளே பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்பதில் பயனில்லை. வைரசுக்கு அது வேலை செய்யாது. சளி பச்சையானால் பற்றீரியா என்பதும் தவறு, தடிமலிலும் பச்சையாகும். 'எதிர்ப்புச் சக்தி' விற்கும் போத்தல்கள் பிசிரை முளைக்கவைப்பதில்லை. கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது மூச்சை. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் நிரம்பிய, ஒரு வயதாகாத குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்குள் 40, பெரியவருக்கு 30 என்று தொட்டுவிட்டாலோ, விலாவின் கீழ் நெஞ்சு உள்ளிழுத்தாலோ, தணிந்த காய்ச்சல் திரும்பினாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தடுமாற்றம் மட்டும் வரலாம். அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.