பில் எண் 3 எங்கே?

கோவையிலிருந்து அலுவலக வேலையாகச் சென்னை போய்வந்த ஊழியர் ஒருவரின் கடிதம் இப்படி இருக்கலாம்: ரயில் 1,480 ரூபாய், இரண்டு இரவு அறை வாடகை 4,200, ஆட்டோ 620, சாப்பாடு 900. மொத்தம் 7,200. வாங்கிய முன்பணம் 5,000 கழித்து, வரவேண்டியது 2,200.

முன்பணத்தைக் குறிப்பிட மறந்தால் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் தேதியும் எண்ணும் வேண்டும். அதே எண்ணைப் பில்லின் மூலையிலும் எழுதினால் கணக்குப் பிரிவு தேட வேண்டியதில்லை. சிக்கல் ஆட்டோவில்தான்; பெரும்பாலும் ரசீது கிடைக்காது. அதை மறைக்காமல், "ரசீது இல்லை, எழும்பூர் முதல் கிண்டி வரை, வாடிக்கையாளர் சந்திப்பு" என்று தேதியோடு எழுதிக் கையொப்பமிடலாம். ஏற்பதும் மறுப்பதும் நிறுவன விதியைப் பொறுத்தது.

ஓட்டல் பில்கள் பல வெப்பத்தாளில் அச்சாகின்றன. வெயிலில் எழுத்து மங்கிவிடும். அன்றே படமெடுத்து வைப்பது நல்லது.