‘குமாருடன் மீட்டிங்’

செவ்வாய்க்கிழமை காலை 10.50. குமாரின் போனில் ஒரு நினைவூட்டல்: ‘குமாருடன் மீட்டிங்’. அழைத்தவர் தன் டைரியில் குறித்துக்கொள்வதுபோல எழுதிவிட்டார். அதே தலைப்புதான் அழைக்கப்பட்ட எல்லோருடைய காலண்டரிலும் போய் உட்காரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நாமாக மாற்றாவிட்டால் அவுட்லுக் 15 நிமிடம் முன்புதான் நினைவூட்டும். அதற்குள் குமார் எதைத் தயார் செய்வார்?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை வைத்துப் பார்ப்போம். நீலத் துணி வர நான்கு நாள் தாமதமாகும் என்று டையிங்கில் சொல்லிவிட்டார்கள். துணியை வேறு டையிங்குக்கு மாற்றலாம். ஆனால் அங்கே நிறம் லேசாக மாறினாலும் பையர் ஏற்கமாட்டார். இல்லையென்றால் பையரிடமே நான்கு நாள் கேட்க வேண்டும். இதற்குத்தான் கூட்டம்.

‘அவசர ஆலோசனைக் கூட்டம்’ என்று தலைப்பு வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது. போனில் மாதம் முழுவதையும் ஒரே திரையில் பார்க்கும்போது தலைப்பின் முதல் ஓரிரு சொற்கள்தான் தெரியும். அந்த இடத்தை ‘அவசர’ என்ற சொல்லுக்குக் கொடுப்பது வீண். ‘நீலத் துணி தாமதம்: டையிங் மாற்றுவதா?’ என்று வைத்தால், தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டாலும் விஷயம் பிடிபடும். கேள்விக்குறி இருப்பதால், பேச மட்டுமல்ல, முடிவெடுக்கவும் கூடுகிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

விளக்கப் பெட்டியில் இவ்வளவு போதும்:

‘வேறு டையிங்குக்கு மாற்றுவதா, பையரிடம் 4 நாள் கேட்பதா என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு மேலாளருடையது. குமார்: தாமதம் பற்றிப் பையர் அனுப்பிய மெயில். தரப்பிரிவு: புதிய டையிங்கின் லேப் டிப். கட்டிங்: துணி எந்தத் தேதிக்குள் வந்தால் ஷிப்மென்ட் தப்பும்?’

லேப் டிப் என்பது சிறு துண்டில் சாயமேற்றிப் பார்க்கும் நிற மாதிரி. அது கையில் இல்லாமல் கூடினால் அரை மணி நேரம் ஊகத்திலேயே போய்விடும். அதனால்தான் யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுவது. ‘அனைவரும் தயாராக வரவும்’ என்று எழுதினால் ஒருவரும் தயாராக வரமாட்டார்கள். என் அனுபவம் அப்படி.

எல்லாவற்றையும் தலைப்பில் போட்டு உடைக்கவும் கூடாது. காலண்டரைப் பகிர்ந்திருந்தால் மற்றவர்கள் கண்ணிலும் அது படும். சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றுக்குப் பொதுவான தலைப்பு வைத்து, நிகழ்வைத் தனிப்பட்டது என்று குறித்துவிட்டு, காரணத்தை உரியவரிடம் நேரில் சொல்லிவிடலாம்.

திங்கள் மாலையே ‘துணி நாளைக்கு வந்துவிடும்’ என்று டையிங்கிலிருந்து போன் வந்தால் அழைப்பை ரத்து செய்துவிடலாம். அப்போது போகும் அறிவிப்பில் ‘துணி வருகிறது, கூட்டம் வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லேப் டிப்புக்காகத் தரப்பிரிவு ஆள் ராத்திரி வரை டையிங்கில் காத்திருப்பார்.