ஒரே கணக்கில் ஓய்வூதியமும் மாத வட்டியும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மூத்த குடிமக்களுக்கான 7% வட்டியில் 10 லட்சம் ரூபாய் டெபாசிட் போட்டேன். மாதம் 5,833 ரூபாய் வர வேண்டும். 5,800 தான் வருகிறதே?

வங்கி உங்களை ஏமாற்றவில்லை. டெபாசிட்டுக்கு வட்டி கணக்கிடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 10 லட்சத்துக்கு 7% என்றால் காலாண்டுக்கு 17,500 ரூபாய். காலாண்டு முடியும் வரை காத்திராமல் மாதாமாதம் முன்கூட்டியே வாங்குவதால் சிறு தொகையைக் கழித்துக்கொண்டு தருகிறார்கள். மாதம் சுமார் 33 ரூபாய் குறையும். மாதச் செலவுக்கு இந்தப் பணம் தேவையில்லை என்றால் காலாண்டு வட்டியே மேல்.

அவசரத்துக்கு இடையில் முடித்துக்கொண்டால் வட்டிதானே குறையும், அசலில் கைவைப்பார்களா?

மாத வட்டி வாங்கியவர்களுக்கு அசலே குறையும். பலர் அதிர்ந்துபோவது இங்கேதான். ஐந்தாண்டு டெபாசிட்டை ஓராண்டில் முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கான வட்டி 6.5%, அபராதம் 1% என்றால் உங்களுக்கு உரியது 5.5% மட்டுமே. ஆனால் 7% கணக்கில் ஏற்கெனவே சுமார் 69,600 ரூபாய் வாங்கிவிட்டீர்கள். கூடுதலாகப் போன சுமார் 15,000 ரூபாயை அசலில் பிடித்துக்கொண்டு 9.85 லட்சம் தருவார்கள். எனவே மொத்தத்தையும் ஒரே ரசீதில் போடாமல் இரண்டு, மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.

ஓய்வூதியமும் வட்டியும் ஒரே நாளில் வருமா?

வராது. வட்டி பெரும்பாலும் டெபாசிட் போட்ட தேதியை ஒட்டி வரும். மத்திய அரசு ஓய்வூதியம் மாதத்தின் கடைசி வேலைநாளில் வரவாகும். மார்ச் மாத ஓய்வூதியம் மட்டும் ஏப்ரலில்தான் வரும். மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் வரவு இல்லையே என்று பதற வேண்டாம்.

டிசம்பரில் வட்டி வந்தது, ஓய்வூதியம் வரவில்லை. ஏன்?

அநேகமாக வாழ்நாள் சான்றிதழ்தான் காரணம். வட்டிக்கு அது தேவையில்லை. மத்திய அரசு ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் நவம்பரில் கொடுத்தாக வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதலே கொடுக்கலாம். கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நிற்கும். பிறகு கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும். பணம் எங்கும் போய்விடாது.

செல்போனில் முகம் காட்டி ஜீவன் பிரமாண் எடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். பிரமாண் எண் கைக்கு வந்துவிட்டது என்பதாலேயே வங்கி சான்றிதழை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஓய்வூதிய ஆணை எண்ணையோ கணக்கு எண்ணையோ தவறாகப் பதிந்திருந்தால் சான்றிதழ் நிராகரிக்கப்படும். ஆகவே நவம்பர் முடிவதற்குள் ஓய்வூதியக் கணக்குள்ள கிளையில் ஒருமுறை கேட்டு, சான்றிதழ் ஏற்கப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.