இடைவேளைக்கு நகர்ந்த ரகசியம்

“கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன்னு இடைவேளையிலேயே காட்டிடலாமே. கடைசியில இருக்கிற சீனைத் தூக்கி முன்னால வைக்கிறதுதானே? நாலு நாள் போதாது?”

தயாரிப்பாளர் ஒருவர் இப்படிக் கேட்டால் அதில் தப்பில்லை. அவர் கையில் இருப்பது காட்சிகளின் பட்டியல். அதில் ஒரு வரியை அழித்து மேலே எழுதினால் வேலை முடிந்ததாகத்தான் தெரியும். அது ஏன் நாலு நாளில் முடியாது என்பதை விளக்கி எழுத வேண்டியவர் ஸ்கிரிப்ட் எடிட்டர். இவர் படச்சுருளை வெட்டி ஒட்டுபவர் அல்லர். எழுதி முடித்த திரைக்கதையைப் படித்து, அது எங்கே நொண்டுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்பவர். நம் ஊரில் கதை விவாதத்துக்கு உட்காரும் குழு கூட்டாகச் செய்துவந்த வேலைதான் இது. ஒரு கம்பெனியிலும் சேராமல், படத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு தனியாள் செய்யும்போது இந்தப் பெயர். சம்பளக்காரர் அல்லாததால், கூடுதல் நாள் கேட்கும் கடிதத்தை அவர் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. மறுபடி வேலை வருவதும் வராததும் அதில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பார்ப்போம். அரிசி ஆலை முதலாளி இறந்துபோகிறார். ஊரிலிருந்து வரும் மகன், அது விபத்தல்ல என்று சந்தேகப்பட்டு, சித்தப்பாவைக் குறிவைக்கிறான். உண்மையில் கொன்றவர் வீட்டில் ஒருவராகப் பழகும் கணக்குப்பிள்ளை. மொத்தம் 72 காட்சிகள். இடைவேளை 36-இல். உண்மை வெளிவருவது 66-இல். அதைத்தான் 36-க்குக் கொண்டுவரச் சொல்கிறார் தயாரிப்பாளர்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படிப் போகலாம்:

“சார், வணக்கம். நீங்கள் சொன்ன மாற்றம் படத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் 66-ஐ நகர்த்தினால் இடைவேளைக்குப் பிறகு கணக்குப்பிள்ளை வரும் 14 காட்சிகளும் வேறு காட்சிகளாகிவிடும். அவற்றில் 5 அப்படியே நிற்கும். 6-க்கு வசனம் மாற வேண்டும். சித்தப்பாவைச் சந்தேகிக்கும் 3 காட்சிகளை ஒன்றாகச் சுருக்க வேண்டும். அதோடு ஒரு புதுக் காட்சியும் புது கிளைமாக்ஸும் தேவை.”

ஒரு வரிகூட மாறாத காட்சி எப்படி வேறு காட்சியாகும்? ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நீண்ட பேட்டியில் இதை விளக்கியிருக்கிறார். மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. தெரிந்துவிட்டால், மேசையில் நடக்கும் வெற்றுப் பேச்சுகூடப் பல நிமிடப் பதற்றம். அவருடைய ‘வெர்ட்டிகோ’ (1958) படத்திலேயே இதைச் செய்திருக்கிறார். மூல நாவலில் கடைசியில் வெளிப்படும் ரகசியத்தை, படம் முடிய நெடுநேரம் இருக்கும்போதே பார்வையாளருக்குச் சொல்லிவிட்டார்; நாயகனுக்குச் சொல்லவில்லை.

நம் கதையில் 44-ஆம் காட்சியில் கணக்குப்பிள்ளை மகனுக்குச் சாப்பாடு பரிமாறுகிறார். முன்பு அது பாசக் காட்சி. இப்போது அதே குழம்பு, அதே வசனம். பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். தொடாமல் விட வேண்டிய காட்சி அது. இதைக் கண்டுகொள்ளவும் உட்கார்ந்து படித்தாக வேண்டும் என்பது பலருக்குப் புரிவதில்லை.

சித்தப்பா விஷயம் இதற்கு நேரெதிர். மகன் அவரைத் துரத்தும் மூன்று காட்சிகளில் முன்பு நாமும் அவனோடு ஓடினோம். இப்போது அவன் தவறான ஆளைத் துரத்துவது நமக்குத் தெரியும். ஒரு முறை என்றால் பரிதாபப்படுவோம். மூன்று முறை என்றால் நாயகன் மக்காகத் தெரிவான். ஒட்டுமொத்தமாக வெட்டிவிடவும் முடியாது, ஏனென்றால் 70-இல் அவன் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். அதற்குக் காரணம் மிச்சமிருக்க வேண்டும். அதனால்தான் மூன்றை ஒன்றாக்குவது.

பெரிய ஓட்டை 66 இருந்த இடத்தில். யார் என்ற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. பதில் முன்னாலேயே போய்விட்டதால் அங்கே வேறொரு கேள்வி வேண்டும்: இவனுக்கு எப்போது தெரியவரும், அதற்குள் என்ன ஆகும்? இதை எழுதாமல் பழைய காட்சியை மட்டும் நகர்த்திக் கொடுத்தால், இடைவேளையில் கைதட்டும் கூட்டம் கிளைமாக்ஸில் செல்போனை எடுத்துவிடும்.

அடுத்து நாள் கணக்கு. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். ‘நல்லா வரணும்னா டைம் வேணும் சார்’ என்று எழுதினால், கேட்பவர் அதைச் சோம்பல் என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் எடிட்டர் எழுதுவது:

“முதல் நாள், யாருக்கு எது எந்தக் காட்சியில் தெரியும் என்று முழு ஸ்கிரிப்டுக்கும் அட்டவணை போடுவேன். இரண்டாம் நாள் மாலை, இடைவேளைக்குப் பிந்தைய புது ஒன்லைன் உங்கள் கையில் இருக்கும். மூன்றாம் நாள் உங்களுக்கும் டைரக்டருக்கும். நான்கிலிருந்து ஏழு வரை எழுத்து. எட்டாம் நாள், கதை தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுப்பேன். ஒன்பதாம் நாள் அவர் சொன்னதைப் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுத்துவிடுவேன். ஒன்லைனுக்கு உங்கள் பதில் தாமதமானால் கடைசித் தேதியும் அத்தனை நாள் தள்ளும்.”

அட்டவணை என்பது வெறும் கட்டம் போட்ட தாள்தான். ஆனால் அது இல்லாமல் எழுதினால் பிசகு வராமல் இருக்காது. 52-இல் வேலைக்காரி, “அன்னைக்கு ராத்திரி அவரு ஆலையில இல்லைங்க” என்கிறாள். பழைய கதையில் பார்வையாளர் அதை நம்பினார்கள். இப்போது அவர் ஆலையில் இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அப்படியானால் அவள் ஏமாந்தவளா, உடந்தையா? படப்பிடிப்பில் நடிகை கேட்கும்வரை யாருக்கும் இது உறைக்காது. எட்டாம் நாள் வெளியாளும் இதற்குத்தான். எழுதியவருக்கு விடை தெரியும். குழப்பம் அவர் கண்ணில் படாது.

எந்தக் காட்சி போனாலும் எண்ணை நகர்த்தக் கூடாது என்பதையும் கடிதம் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. கலை இயக்குநர், உடைப் பொறுப்பாளர், மேனேஜர் என்று எல்லார் கையிலும் பழைய எண்கள்தான் இருக்கின்றன. நீக்கிய காட்சியின் எண் காலியாகவே நிற்கும், புதியது 36ஏ என்று வரும். ஹாலிவுட்டில் மாறிய பக்கங்களை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிறத் தாளில் கொடுப்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் தயாரிப்பாளரின் தலைவலி அப்படியேதான் இருக்கிறது: நடிகரின் கால்ஷீட், ஆலைக்குக் கொடுத்த அட்வான்ஸ். ஆகவே என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் உயிர் அடுத்த பத்தியில் இருக்கிறது.

“1 முதல் 35 வரை இந்த மாற்றத்தால் எதுவும் கெடாது. ஷெட்யூலை அங்கிருந்து தொடங்கலாம். நாலு நாள்தான் உண்டு என்றால் வேறொரு வழி இருக்கிறது: 36-இல் ஆலைக்குள் ஓர் உருவத்தை மட்டும் காட்டி, முகத்தை மறைத்துவிடலாம். 66 அப்படியே நிற்கும். வீட்டுக்குள்ளேயே ஒருவர் என்ற சந்தேகம் மட்டும் கிளம்பும். நீங்கள் கேட்ட பதற்றம் முழுதாகக் கிடைக்காது, பாதி கிடைக்கும்.”

இப்படி எழுதினால் தயாரிப்பாளரால் முடிவெடுக்க முடியும். கடிதம் போக வேண்டிய நாள், திருத்தம் கேட்ட மறுநாள். நான்காம் நாள் மாலை போனால் உள்ளே எவ்வளவு நியாயம் இருந்தாலும் அது சாக்காகிவிடும். தயாரிப்பாளர் பக்கமிருந்து பார்த்தால், காட்சி எண் ஒன்றுகூட இல்லாமல் நாள் மட்டும் கேட்கும் கடிதம் வந்தால், எழுதியவர் இன்னும் ஸ்கிரிப்டைத் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பணம் கடைசி வரியில். ஒப்பந்தத்தில் இரண்டு முறை திருத்தித் தருவதாக இருந்து, இது மூன்றாவது என்றால், கூடுதல் தொகையைச் சொல்லி, ஒன்லைனுக்குச் சம்மதம் வந்த பிறகு பாதி, ஒன்பதாம் நாள் மீதி என்று எழுதிவிடுவது வழக்கம்.