538-க்குள் இருக்கும் 172

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும். மேசை மேல் கிடக்கும் மதிப்பெண் பட்டியலைக் கொஞ்சம் சாய்வாக, மேலே டியூப்லைட் பளபளக்க யாரோ எடுத்திருப்பார்கள். வாழ்த்துகள் குவிந்து முடிவதற்குள் சித்தப்பா கேட்டுவிடுவார்: “கட்-ஆஃப் எவ்வளவும்மா?” பட்டியலில் அந்த எண் எங்கும் அச்சாகியிருக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு மாணவியின் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ் 94, ஆங்கிலம் 87, இயற்பியல் 85, வேதியியல் 93, உயிரியல் 96, கணிதம் 83. மொத்தம் 600-க்கு 538. ஆறால் வகுத்தால் சராசரி 89.67 வருகிறது. வீட்டில் எல்லோரும் “கிட்டத்தட்டத் தொண்ணூறு” என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பொறியியல் கலந்தாய்வில் இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணித மதிப்பெண் முழுதாக எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 83, அதோடு 42.5, அதோடு 46.5, ஆக 200-க்கு 172. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். புள்ளியியல் பாடத்தில் இதற்குப் பெயர் நிறையிட்ட சராசரி. கணிதத்துக்கு நிறை 2, மற்ற இரண்டுக்கும் 1, மொழிப் பாடங்களுக்கும் உயிரியலுக்கும் 0. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் நிறையால் பெருக்கிக் கூட்டினால் 344. அதை நிறைகளின் கூட்டுத்தொகையான 4-ஆல் வகுத்தால் 86. நூற்றுக்கு 86 என்பதும் இருநூற்றுக்கு 172 என்பதும் ஒன்றேதான்.

இங்கே பலர் ஒரு தவறு செய்வார்கள். பெருக்கியதெல்லாம் சரியாக இருக்கும். வகுக்கும்போது மட்டும் “மூன்று பாடம்தானே” என்று 3-ஆல் வகுத்துவிடுவார்கள். 344-ஐ 3-ஆல் வகுத்தால் 114.67. நூற்றுக்கு மேல் போய்விட்டதால் இதை உடனே பிடித்துவிடலாம். எல்லாத் தவறும் இப்படிக் கண்ணில் அடிப்பதில்லை என்பதால் ஒரு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நிறை எப்படி இருந்தாலும் விடை அந்தப் பாடங்களில் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் மிக அதிகமானதற்கும் இடையில்தான் விழும். இந்த மாணவிக்கு அது 83-க்குக் கீழேயும் போகாது, 93-க்கு மேலேயும் போகாது.

இதே படத்தை வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவப் படிப்புக்குக் கணக்கிட்டால் கதை மாறுகிறது. அங்கே உயிரியல் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு. 96-உடன் 42.5-உம் 46.5-உம் சேர்ந்து 185. ஒரே மாணவி, ஒரே தேர்வு, ஒரே காகிதம். ஒரு வரிசையில் 172, இன்னொன்றில் 185. பாடங்களின் நிறை மாறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். மங்கலான படத்தில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். கணிதத்தின் 83-ஐ யாரோ 88 என்று படித்துவிட்டால் கட்-ஆஃப் 177 ஆகிவிடும். நெரிசலான மதிப்பெண் பகுதியில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு நடுவே எத்தனையோ பேர் நிற்பார்கள். ஐந்து என்றால் கேட்கவே வேண்டாம். இதே ஐந்து மதிப்பெண் பிழை வேதியியலில் நேர்ந்திருந்தால் கட்-ஆஃப் இரண்டரைதான் கூடும். தமிழில் நேர்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. எனவே படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர் முதலில் பெரிதாக்க வேண்டியது கணித வரியை.

பிழையைக் கண்டுபிடிக்க உதவும் கருவியும் அதே காகிதத்தில் இருக்கிறது. படித்த ஆறு எண்களையும் கூட்டி, அச்சிட்ட மொத்தத்தோடு ஒப்பிட வேண்டும். 88 என்று படித்திருந்தால் கூட்டல் 543 வரும், காகிதத்தில் 538. வித்தியாசம் ஐந்து என்றதுமே 3-8 குழப்பத்தைச் சந்தேகிக்கலாம். அப்படிக் கெட்டிருக்கக்கூடியவை கணிதமும் வேதியியலும்தான், இரண்டும் 3-இல் முடிவதால். எந்த வரி என்று தெரிய, அந்த வரிக்குள்ளேயே கூட்டிப் பார்க்க வேண்டும். கணிதத்தில் தியரி 73, இன்டர்னல் 10, ஆக 83. வேதியியலில் தியரி 63, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, ஆக 93.

ஆனால் மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்த்தாயிற்று என்று நிம்மதியாக உட்கார முடியாது. சாய்ந்த படத்தில் கண் ஒரு வரி நழுவி, உயிரியலின் 96 கணிதத்துக்கும் கணிதத்தின் 83 உயிரியலுக்கும் போய்விட்டால் என்ன ஆகும்? கூட்டல் அப்போதும் 538-தான். கணக்கு ஒத்துப்போகும்; கட்-ஆஃப் மட்டும் 172-இலிருந்து 185-க்குத் தாவியிருக்கும். எல்லாப் பாடங்களையும் சமமாகப் பார்க்கிற மொத்தத்துக்கு, எந்த எண் எந்தப் பாடத்தினுடையது என்பது தெரியாது. நிறையிட்ட சராசரிக்கோ அதுதான் எல்லாமே. (இயற்பியலும் வேதியியலும் இடம் மாறினால் பாதகமில்லை. இரண்டுக்கும் ஒரே நிறை.)

இந்த நழுவலைப் பிடிக்க பிராக்டிகல் கட்டத்தைப் பார்க்கலாம். கணிதத்துக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. தியரி 90-க்கும் இன்டர்னல் 10-க்கும். அறிவியல் பாடங்களில் தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. ‘கணிதம்’ என்று எடுத்துக்கொண்ட வரியில் பிராக்டிகல் மதிப்பெண் இருந்தால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது பக்கத்து வரி. போனில் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வசதி தடுமாறக்கூடிய இடமும் இதுவே. கட்டம் காலியாக இருந்தால் அதை விட்டுவிட்டு, இன்டர்னலின் 10-ஐ பிராக்டிகலுக்குத் தள்ளி வைத்துவிடலாம். காகிதத்தைச் சமமாக விரித்து, போனை நேர் மேலே பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி இன்னொரு படம் எடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

அக்காவுக்குப் போட்ட கணக்கை அப்படியே தங்கைக்கும் போடும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2018 வரை பிளஸ் டூவுக்கு ஒவ்வொரு பாடமும் 200-க்கு, மொத்தம் 1200. 2019 முதல்தான் பாடத்துக்கு 100, மொத்தம் 600. பழைய பட்டியலில் கணிதத்தைப் பாதியாக்கி, இயற்பியலையும் வேதியியலையும் நான்கால் வகுப்பார்கள். புதிய பட்டியலில் அதே பழக்கத்தில் வகுத்தால் கட்-ஆஃப் சரிபாதியாகச் சுருங்கி, வீட்டில் தேவையில்லாமல் ஒரு அழுகை நடக்கும். பெருக்கத் தொடங்குமுன் எல்லா மதிப்பெண்ணையும் நூற்றுக்கு மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

சித்தப்பாவுக்கு 172 என்று பதில் போயிற்று. அவர் பெண்ணுக்கும் 172-தான். அவளுக்குக் கணிதத்தில் 86, இயற்பியலில் 84, வேதியியலில் 88. கட்-ஆஃப் சமமாக இருந்தால் பொறியியல் தரவரிசையில் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணை. 83-ஐவிட 86 கூடுதல் என்பதால் சித்தப்பாவின் பெண் முன்னால் நிற்பாள்.