விளம்பரத்தில் மூன்றில் ஒரு பங்கு

விளம்பரம் எழுதுவோர் பெரும்பாலும் பணத்தை இழப்பது பத்திரிகையின் கட்டணத்தால் அன்று. தாம் எழுதிய முதற்பிரதியின் மீது தமக்குள்ள பற்றினால்தான். சென்ற தை மாதத்திற்கு முன் நம் காரியாலயத்தில் நடந்ததொரு சம்பவம் இதனை நன்கு விளக்கும்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் காரியதரிசி நம்மைக் காண வந்தார். பொங்கல் விற்பனைக்கான விளம்பரம் அவர் கையில் இருந்தது. நிர்வாகக் குழு அனுமதித்த தொகைக்கு 8 சென்டிமீட்டர் அகலமும் 8 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இடமே கிடைக்கும். அவர் எழுதி வந்ததையோ, முதியோரும் படிக்கத்தக்க எழுத்தில் அடுக்கினால், உயரம் 12 சென்டிமீட்டர் வேண்டியிருந்தது. "எழுத்தைச் சிறிதாக்கிவிடுங்கள், ஐயா" என்றார். எழுத்தைச் சிறிதாக்குவதை விட வார்த்தையைக் குறைப்பதே மேல் என்று சொல்லி அவரை உட்கார வைத்தோம். விலாசம் நீங்கலாக அவர் எழுதியிருந்தது வருமாறு:

"பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட வாடிக்கையாளப் பெருமக்களே! பல்லாண்டுக் காலப் பாரம்பரியப் பெருமை வாய்ந்த எங்கள் சங்க உறுப்பினர்களே கைத்தறியில் நெய்த 80-ஆம் நம்பர் பருத்திச் சேலைகள் தரமாகவும் உயர்வாகவும் அழகாகவும் விற்பனைக்குக் குவிந்துள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சேலையும் ரவிக்கைத் துணியோடு சேர்த்து 6.2 மீட்டர் நீளம் உடையதாக இருக்கும். பொங்கல் திருநாளை முன்னிட்டுக் கட்டம் போட்ட சேலைகளுக்கு மட்டும் தை 15 வரை விலையில் 20 சதவீதம் தள்ளுபடி அளிக்கப்படுகிறது. கடை காலை 10 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும்."

எண்ணிப் பார்த்தால் 60 வார்த்தைகள். இடத்திற்கு ஏற்ப 40 ஆக வேண்டும். பென்சிலை அவரிடமே கொடுத்து, எதை நீக்கலாம் என்று கேட்டோம். அவர் சற்று யோசித்து, "கட்டம் போட்ட சேலைகளுக்கு மட்டும் தை 15 வரை" என்னும் ஏழு வார்த்தைகளின் மேல் கோடு இழுத்தார். "தள்ளுபடி என்றால் போதாதா? வந்தவர்களுக்குக் கடையில் சொல்லிக்கொள்ளலாம்" என்பது அவருடைய சமாதானம்.

விளம்பரத்தைச் சுருக்குவோர் செய்யும் பெரும் பிழை இதுவே. மெய்யை வரையறுக்கும் வார்த்தைகள் எப்போதும் அழகற்றவை. ஆகையால் அவற்றின் மீதே முதலில் கை போகிறது. அந்த ஏழும் போய்விட்டால் எல்லாச் சேலைகளுக்கும் எந்நாளும் தள்ளுபடி என்று ஆகிவிடும். வெற்றுடல் சேலையை எடுத்துக்கொண்டு பணம் செலுத்த வருபவள் ஏமாந்தவளாகத் திரும்புவாள். சட்டமும் இதைப் பொறுக்காது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணத்தை விளைவிக்கும் விளம்பரத்திற்காக உற்பத்தி செய்பவர்மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளோ, பிரதானமான சங்கதியை மறைப்பதற்கு அடிக்குறிப்பைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. சலுகையைப் பெரிய எழுத்திலும் நிபந்தனையைப் பொடி எழுத்திலும் போடும் தந்திரம் இனிச் செல்லாது.

பின்னர் எதைத்தான் நீக்குவது? அதற்கு நாம் கையாளும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் எதிர்க்கடைக்காரர் பெயரை வைத்துப் படிப்பது. அப்பொழுதும் வாக்கியம் பொருந்துமானால், அது நம் சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். பேரன்பும் பெருமதிப்பும் எல்லாக் கடைக்காரருக்கும் உண்டு. பாரம்பரியப் பெருமையை நேற்றுத் திறந்த கடையும் பேசும். தரமென்றும் உயர்வென்றும் அழகென்றும் சொல்லாத வியாபாரி யார்? ஆனால் "உறுப்பினர்களே கைத்தறியில் நெய்த" என்பதையும், 80-ஆம் நம்பர் நூலையும், 6.2 மீட்டரையும் எதிர்க்கடைக்காரர் எளிதில் சொல்லிவிட முடியாது. அமெரிக்க விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் வெளியிட்ட நூலில் இதே உண்மையை வற்புறுத்தினார். மிகைச் சொற்களை மக்கள் வழக்கமான வியாபாரப் பேச்சென்று தள்ளிவிடுகிறார்கள். திட்டமான எண்ணைச் சொன்னால் நம்புகிறார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். நீண்ட விளம்பரமே கூடாதென்பது அவர் கொள்கையன்று என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். சொல்ல விஷயம் இருந்தால் இடம் கொடுத்துச் சொல்லலாம். அது இல்லாதபோது இடத்தை நிரப்புவதுதான் குற்றம்.

இச்சோதனையின்படி விளிப்பில் ஐந்து, பெருமையில் ஐந்து, அடைமொழியில் மூன்று வார்த்தைகள் போயின. "விற்பனைக்குக் குவிந்துள்ளன" என்பது முதல் "தெரிவித்துக்கொள்கிறோம்" வரை இன்னும் ஐந்து. தெரிவிப்பதற்காகவே விளம்பரம் இருக்க, தெரிவிக்கிறோம் என்று தெரிவிப்பானேன்? "பொங்கல் திருநாளை முன்னிட்டு" என்னும் மூன்றும் வேண்டியதில்லை. தை மாதமென்றாலே யாவருக்கும் விளங்கும். "ஒவ்வொரு சேலையும்", "உடையதாக இருக்கும்", "அளிக்கப்படுகிறது", "திறந்திருக்கும்" ஆகிய ஆறும் தமிழில் சொல்லாமலே புலப்படுபவை. ஆக 27 வார்த்தைகள் கழிந்து 33 நின்றன.

அப்போதுதான் ஒரு குறை கண்ணில் பட்டது. அறுபது வார்த்தை எழுதியவர் விலையை எழுதவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்பதும் தெரியவில்லை. அலங்காரம் மிகுந்த பிரதியில் இத்தகைய குறை மறைந்து கிடக்கும். சதை வற்றியபின்தான் எலும்பு ஒடிந்திருப்பது தெரியும். மிச்சமான ஏழு வார்த்தைகளை இவ்விரண்டுக்கும் கொடுத்தோம்:

"எங்கள் சங்க உறுப்பினர்களே கைத்தறியில் நெய்த 80-ஆம் நம்பர் பருத்திச் சேலைகள். ரவிக்கைத் துணியோடு சேர்த்து 6.2 மீட்டர் நீளம். விலை 1,450 ரூபாய் முதல். கட்டம் போட்ட சேலைகளுக்கு மட்டும் தை 15 வரை விலையில் 20 சதவீதம் தள்ளுபடி. கடை காலை 10 முதல் இரவு 8 வரை. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு."

இது சரியாக 40. எனினும் வார்த்தைக் கணக்கை மட்டும் நம்புதல் தமிழில் ஆபத்து. சொற்களை ஒட்டி எழுதினால் எண்ணிக்கை குறையும்; இடம் குறையாது. "தெரிவித்துக்கொள்கிறோம்" கணக்கில் ஒன்றே. பத்தியிலோ ஏறக்குறைய பாதி வரியை விழுங்கும். ஆகையால் வார்த்தையை எண்ணிய பின் அச்சடுக்கிப் பார்த்து வரியையும் எண்ண வேண்டும்.

கடைசியாக ஒரு பரீட்சை. இந்த விவகாரம் ஒன்றும் அறியாத நம் பிழை திருத்துபவரை அழைத்து, பிரதியை ஒரு முறை படிக்கச் செய்து, தாளை வாங்கிக்கொண்டோம். என்ன சரக்கு, என்ன விலை, எதற்குத் தள்ளுபடி, எதுவரை என்று கேட்டோம். நான்குக்கும் தயங்காமல் விடை வந்தது. பழைய பிரதியை நம் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துக் கேட்டபோது, "ஏதோ பொங்கல் தள்ளுபடி, ஐயா" என்றார் அவர். அதில் நிபந்தனை இருந்தது. ஆனால் நாற்பது வார்த்தைகளுக்கு அப்பால் இருந்தது.

காரியதரிசி திருத்திய பிரதியை மடித்து வைத்துக்கொண்டார். "பேரன்பு மட்டும் இருக்கட்டுமே" என்று புறப்படும்போதும் கேட்டார். அதைக் கடைக்கு வருகிறவர்களிடம் நேரில் காட்டும்படி சொல்லி அனுப்பினோம்.