முக்காலி நின்ற இடம்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் வளவைச் சுற்றுக்காட்சி கேமராவில் படம் பிடித்தேன். எட்டுத் திசையும் மேலும் கீழும் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமரா அது. மறுநாள் அந்த வீட்டு ஆச்சியின் கண்ணில் விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டேன். தூண்களைப் பார்த்தார், முற்றத்து வானத்தைப் பார்த்தார், பிறகு தன் காலடியைப் பார்த்தார். "நடு வீட்டுல இந்த மூணு காலு எதுக்கு தம்பி?" என்றார்.

அவர் பார்த்தது கேமராவைத் தாங்கிய முக்காலி. சாதாரண கேமராவில் முக்காலி கேமராவுக்குப் பின்னாலோ கீழாகவோ இருக்கும், படத்தில் விழாது. சுற்றுக்காட்சியில் 'பின்னால்' என்று ஓர் இடமே கிடையாது. கேமராவுக்கு நேர் கீழே உள்ள புள்ளியை இத்தொழிலில் 'நேடிர்' என்பார்கள். முக்காலி நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஆனால் அதே கேமராவை ஒற்றைச் செல்ஃபி குச்சியில் பொருத்தினால் குச்சி தானாகவே மறைந்துவிடுகிறது. காரணம் கேமராவின் அமைப்பில் இருக்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டு மீன்கண் லென்ஸ்கள், இரண்டுக்கும் நடுவே சுமார் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. முன் லென்ஸ் தனக்கு முன்னால் உள்ள பாதி உலகைத் தருகிறது, பின் லென்ஸ் மறுபாதியை. இரண்டையும் ஒட்டும்போது, நடுவில் கேமராவின் தடிமனுக்குள் அடங்கும் மெல்லிய பகுதி எந்தப் பாதியிலும் சேராமல் போய்விடுகிறது. குச்சி அந்த இடைவெளியைவிட மெல்லியதாகவும் கேமராவுக்கு நேர் கோட்டிலும் இருந்தால், எவ்வளவு நீளமாக இருந்தாலும் தெரியாது. கொஞ்சம் சாய்ந்தால், அல்லது பக்கவாட்டில் ஒரு மைக்கைப் பொருத்தினால், அந்த எல்லையைத் தாண்டி எட்டிப் பார்க்கும். குச்சியைப் பிடித்திருக்கும் கையும் குச்சியின் நிழலும் எப்போதும் தெரியும்.

முக்காலியின் கால்கள் விரிந்தவை. அந்த மெல்லிய இடைவெளிக்குள் அவை அடங்காது. கால் குறுகிய தாங்கியை வைத்தால் அடையாளம் சிறிதாகும், ஆனால் காற்றில் கேமரா கவிழும். அதனால் நான் முக்காலியை விடவில்லை. படத்தில் அதை நீக்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் முயற்சி தோற்றது. சுற்றுக்காட்சிப் படத்தைக் கணினியில் திறந்தால் உலக வரைபடம் போலத் தட்டையாக விரிந்து தெரியும். வரைபடத்தின் அடியில் அண்டார்டிகா நீண்ட வெள்ளைப் பட்டையாக இழுபட்டிருக்குமே, அதேபோல என் முக்காலியும் படத்தின் அடியில் முழு அகலத்துக்கும் இழுபட்டுக் கிடந்தது. பக்கத்துத் தரையை எடுத்து அதன்மேல் பூசிப் பார்த்தேன். தட்டைப் படத்தில் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஆத்தங்குடிக் கற்களின் கோலம் நடுவில் சுழல் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. வெறும் சிமெண்ட் தரையென்றால் தப்பித்திருக்கலாம். கட்டம் கட்டமாகக் கோலம் ஓடும் தரையில் பூச்சு வேலை உடனே பிடிபட்டுவிடும்.

பூசுவதை விட்டுவிட்டு, முக்காலிக்கு அடியில் மறைந்த தரையையே படம் பிடிப்பதுதான் சரியான வழி. அடுத்த நாள் காட்சியை மீண்டும் எடுத்தேன். எடுத்து முடித்ததும் முக்காலியை மடக்கவில்லை. கேமராவின் உயரம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். அதை மாற்றாமல், முக்காலியை அப்படியே 60 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு பத்து வினாடி வீடியோ எடுத்தேன். முன்பு கால்கள் நின்ற இடம் இப்போது வெறுமையாகத் தெரிகிறது. இதைத் தனிப் புகைப்படமாக எடுக்காமல் வீடியோவாகவே எடுத்தேன், ஏனென்றால் இரண்டின் நிறமும் கூர்மையும் ஒத்துப்போகாது. ஒளி அளவும் நிற அமைப்பும் தானியங்கியில் இல்லாமல் பூட்டப்பட்டிருந்தன. முற்றத்து வெயில் மேகம் வந்தால் நிமிடத்தில் மாறிவிடும் என்பதால் இரண்டாவது படத்தை உடனே எடுத்தாக வேண்டும்.

இனி கணினி வேலை. இரண்டு வீடியோவிலும் ஒவ்வொரு படத்தை எடுத்து, நேர் கீழே பார்க்கும் சாதாரணத் தட்டைப் படமாக மாற்றினேன். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் v360 என்ற வசதி இதைச் செய்கிறது. கேமராவிலிருந்து 90 பாகை அகலத்துக்குக் கீழே பார்த்தால், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மூன்று மீட்டர் தரை தெரியும். அந்தப் படத்தை 1500 பிக்சல் அகலத்தில் வைத்துக்கொண்டேன். ஆக ஒரு பிக்சல் என்பது தரையில் இரண்டு மில்லிமீட்டர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தரை சமதளம் என்பதால், நேர் கீழே பார்க்கும் படத்தில் அது வீட்டு வரைபடம் போல எங்கும் ஒரே அளவில் வருகிறது. எனவே இரண்டாவது படத்தை வளைக்கவோ இழுக்கவோ தேவையில்லை. 60 சென்டிமீட்டர் என்றால் 300 பிக்சல். அவ்வளவு தூரம் நகர்த்தினால் போதும், கல்லின் மேல் கல் பொருந்திவிடுகிறது. முக்காலியின் கால்கள் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் வரை விரிந்திருந்தன. 35 சென்டிமீட்டர் வட்டத்தை மட்டும் இரண்டாவது படத்திலிருந்து வெட்டி, விளிம்பை மென்மையாக்கி முதல் படத்தின் மேல் வைத்தேன். இரண்டாவது படத்தில் முக்காலி நிற்கும் இடம் அந்த வட்டத்துக்குள் வராது, அதற்காகத்தான் 60 சென்டிமீட்டர் நகர்த்தியது.

பொருந்தியதா என்று தரையே சொல்லும். இரண்டு படத்திலும் ஒரே கல்லை அளந்து பாருங்கள். அளவு வேறானால் கேமராவின் உயரம் மாறியிருக்கிறது. சதுரக் கல் ஒரு பக்கம் குறுகித் தெரிந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. வட்டத்தின் விளிம்பில் கோலத்தின் கோடு முறிந்தால் நகர்த்தல் தவறு, ஒன்றிரண்டு பிக்சல் தள்ளிப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று பிக்சல் தள்ள வேண்டியிருந்தது.

வட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒளிபுகும்படி விட்டு, அந்தப் படத்தை மறுபடி உலக வரைபட வடிவுக்கு மாற்றினேன். முழு வீடியோ 5760-க்கு 2880 பிக்சல், அதில் ஒட்டு அடிப்பக்கத்து 210 வரிசைதான். கேமரா அசையாமல் நின்றதால் இந்த ஒரே ஒட்டு முழு வீடியோவுக்கும் போதும். எடிட்டிங் மென்பொருளில் வீடியோவுக்கு மேல் ஒரு அடுக்காகப் போட்டால் வேலை முடிந்தது. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் புள்ளி புள்ளியாக இரைச்சல் துடிக்கும், ஒட்டு மட்டும் உறைந்து நிற்கும். அதற்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்க வேண்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. காட்சியில் நடப்பவர் வட்டத்துக்குள் காலை வைத்தால் பாதம் ஒட்டுக்கு அடியில் காணாமல் போகும். முக்காலியைச் சுற்றி இரண்டடிக்குள் யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். வெயிலில் முக்காலியின் நிழல் வட்டத்தைத் தாண்டி நீளும், அதற்கு ஒட்டும் நீள வேண்டும். கேமராவோடு நடந்துகொண்டே எடுத்த காட்சியில் நொடிக்கு நொடி தரை மாறுவதால் ஒரே ஒட்டு உதவாது. பலர் அங்கே கம்பெனி முத்திரையை வட்டமாகப் போட்டு மூடிவிடுகிறார்கள். அது முக்காலியை மூடும், தரையைக் காட்டாது.

ஆச்சி மறுபடி கண்ணாடியை மாட்டிக் கீழே பார்த்தார். "இப்பத்தான் நம்ம வீடு" என்றார்.

சுற்றுக்காட்சி எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காட்சி முடிந்ததும் முக்காலியை மடக்கிவிடாதீர்கள். இரண்டடி தள்ளி வைத்து, அதே உயரத்தில், இன்னும் பத்து வினாடி பதிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.